காதலியின் பிறந்தநாளுக்கு இத்தாலிய மொழியில் ஒரு வாழ்த்துப்பா: முதல்முறை எழுதுவோருக்கான வழிகாட்டி

இத்தாலியில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து, ஓரளவு மொழி பேசப் பழகி, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணைக் காதலிக்கும் தமிழருக்காக இதை எழுதுகிறேன். அவள் பிறந்தநாளுக்கு அவள் மொழியிலேயே பத்து வரி எழுத வேண்டும், அது சிரிக்க வைக்க வேண்டும், சிரிப்புக்குப் பின் மனத்தில் தங்கவும் வேண்டும் என்பதுதான் நோக்கம். இந்த வேலையில் நான் நெடுநேரம் திணறியிருக்கிறேன். இலக்கணம் சரியாக இருந்தும் வரிகள் பாட்டாக ஒலிக்காததன் காரணத்தை எனக்கு எவரும் தமிழில் விளக்கவில்லை. அந்தக் குறையைப் போக்குவதற்கே இக்கட்டுரை.

ஒரு குறிப்பு. இத்தாலிய வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அவற்றில் அழுத்தி ஒலிக்க வேண்டிய உயிரை மட்டும் நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். எனவே சொல்லின் கடைசியில் ‘தொ’, ‘னெ’ போன்ற குறில்கள் வருவதைப் பிழை என்று கருத வேண்டாம். தமிழ் எழுத்து வல்லினத்தின் வன்மை மென்மையைக் காட்டாது என்பதால், அட்டையில் எழுதும்போது எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. நாளையும் தேவையானவற்றையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். முதல் வாரம் பொருள் சேர்ப்பதற்கு, இரண்டாவது வாரம் எழுதுவதற்கு, மூன்றாவது வாரம் திருத்துவதற்கும் அட்டையில் படி எடுப்பதற்கும் என்று பிரித்துக்கொண்டால் அவசரம் இருக்காது. முந்தைய நாள் இரவில் உட்கார்ந்தால் கடைகளில் அச்சடித்து விற்கும் அட்டைகளின் வாசகமே உங்கள் கையிலும் வரும்.

தேவைப்படுபவை மிகச் சில. ஒவ்வொரு சொல்லிலும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று காட்டும் அகராதி ஒன்று வேண்டும், treccani.it தளத்தில் உள்ள அகராதியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம், தலைச்சொல்லின் மேலேயே அழுத்தக்குறி இட்டிருப்பார்கள். ஒரே ஒலியில் முடியும் சொற்களைத் தொகுத்துத் தரும் பட்டியலுக்கு இத்தாலியர் ‘ரிமாரியோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே எதுவும் அச்சடிக்காத வாழ்த்து அட்டை, எழுதுபொருள் விற்கும் ‘கார்தொலெரீயா’ கடைகளில் பெரும்பாலும் 2 முதல் 5 யூரோவுக்குள் வரும். கடைசியாக, எழுதியதை வாசித்துக் காட்ட இத்தாலியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நண்பர் ஒருவர் வேண்டும். அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பதைத் தவிர வேறு செலவில்லை.

நாள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. இத்தாலியில் பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொல்வதைக் கெட்ட சகுனமாகக் கருதுகிறார்கள். நம் ஊரில் ‘முன்கூட்டிய வாழ்த்துகள்’ என்று இயல்பாகச் சொல்லிவிடுவோம். இங்கே அதைக் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஒரு நாள் தாமதித்தால் மன்னிப்பார்கள், ஒரு மணி நேரம் முந்தினாலும் விரும்ப மாட்டார்கள். ஆகவே உங்கள் கால அட்டவணையில் நள்ளிரவு பன்னிரண்டு என்பது கடைசி எல்லை அல்ல, தொடக்க எல்லை.

2. எதைக் கேலி செய்வது என்று தேர்ந்தெடுங்கள்

முதல் வாரத்தில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அவள் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களைத் தமிழிலேயே குறித்து வையுங்கள். கண், நிலவு, பூ என்பவை அந்தப் பட்டியலில் வரக் கூடாது. அவை எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். சந்திக்கச் சொன்ன நேரத்துக்கு எப்போதும் பிந்தி வருவது, தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலை எடுத்துத் தின்பது, நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவது போன்றவைதான் வேண்டும்.

அந்தப் பட்டியலைப் பிறகு ஒரு கேள்வியால் சலித்தெடுங்கள்: இந்தப் பழக்கம் நாளையே நின்றுபோனால் எனக்கு வருத்தமாக இருக்குமா? இருக்கும் என்றால் அது பாட்டுக்கு உகந்தது. இல்லை, நிம்மதியாக இருக்கும் என்றால் அது குறை கூறலே; எவ்வளவு இனிமையாக எழுதினாலும் அவளுக்கு அது தெரிந்துவிடும். வயது, உடல், எடை, சமையல், அவளுடைய தாய் ஆகியவற்றை எந்த நிலையிலும் தொடாதீர்கள்.

விளையாட்டும் உண்மையும் ஒரே பாட்டில் நிற்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்: ஒவ்வொரு கேலிக்கும் அடுத்த ஈரடியில் பதில் கொடுக்க வேண்டும். முதல் ஈரடி அவள் செய்வதைச் சொல்லும். அடுத்த ஈரடி, அது இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று சொல்லும். முதல் எட்டு வரி முழுக்கக் கிண்டல், கடைசி இரண்டு வரியில் திடீரென்று காதல் என்று அமைத்தால் அந்தக் காதல் ஒட்டவைத்தது போலத் தெரியும். இரண்டு பழக்கங்கள் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் பாட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

3. எட்டு ஒலி கொண்ட வரியைத் தேர்ந்தெடுங்கள்

இத்தாலியச் செய்யுளில் வரியின் நீளத்தை வைத்துப் பெயரிடுகிறார்கள். பதினோரு ஒலி கொண்ட வரி கம்பீரமானது, காவியங்களுக்கும் சானட் என்னும் பதினான்கு வரிப் பாடலுக்கும் உரியது. பிறந்தநாள் விளையாட்டுக்கு ‘ஒத்தொநாரியோ’ எனப்படும் எட்டு ஒலி வரியே பொருத்தம். குழந்தைகளின் துள்ளல் பாட்டுகளும் பழைய சிறுவர் இதழ்களில் படக்கதைக்கு அடியில் வந்த ரைம் வரிகளும் இந்த அளவில் அமைந்தவை. ஒவ்வொரு இத்தாலியர் காதிலும் அந்தத் துள்ளல் சிறு வயதிலேயே பதிந்திருப்பதால், முதல் வரியைக் கேட்டதுமே இது விளையாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ‘ஒலி’ என்று நான் சொல்வது தமிழ் யாப்பின் நேரசை, நிரையசை அல்ல. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எழுத்தெண்ணுவோமே, ஏறக்குறைய அதே கணக்குதான்: புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, இங்கேதான் தமிழர் பெரும்பாலும் தடுக்கி விழுகிறோம். நம் மொழியில் ஒரு சொல்லின் குறிப்பிட்ட இடத்தை ஓங்கி ஒலிப்பதால் பாட்டின் கட்டமைப்பு மாறுவதில்லை. இத்தாலியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓங்கும் இடம் ஒன்று உண்டு, எட்டு ஒலி வரியில் மூன்றாவது ஒலியும் ஏழாவது ஒலியும் ஓங்கியாக வேண்டும். ‘நீ எப்போதும் தாமதமாக வருகிறாய்’ என்பதை யாரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள்:

அர்ரீவி ஸேம்ப்ரெ இன் ரிதார்தொ

எட்டு ஒலி இருக்கிறது, இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஓங்கும் இடங்கள் இரண்டு, நான்கு, ஏழு என்று விழுகின்றன. உரைநடை போல ஒலிக்கிறது. அதே பொருளை ‘வழக்கம் போலத் தாமதம்’ என்று மாற்றினால்:

கொமெ அல் ஸோலிதொ இன் ரிதார்தொ

இப்போது மூன்றாவது ஒலி ‘ஸோ’, ஏழாவது ஒலி ‘தார்’. வினைச்சொல்லே இல்லாமல், இத்தாலியர் அன்றாடம் சலிப்புடன் சொல்லும் தொடர் அப்படியே வரியாகிவிட்டது. இதை மேசையில் விரலால் தட்டிக்கொண்டு வாசித்துப் பாருங்கள். மூன்றிலும் ஏழிலும் விரல் தானாகப் பலமாக விழ வேண்டும். விழவில்லை என்றால், சொற்களைத் திருகாமல் வேறு சொல் தேடுங்கள். சொல்வரிசையைக் கண்டபடி மாற்றினால் கணக்கு சரியாகும், ஆனால் வரி நூறு வருடப் பழமை தட்டிவிடும்.

4. வரியை எண்ணும்போது உயிர்களைச் சேர்த்து எண்ணுங்கள்

மேலே உள்ள வரியை நீங்கள் ஒற்று நீக்கி எண்ணியிருந்தால் பத்து வந்திருக்கும். எட்டு எப்படி ஆயிற்று? ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இத்தாலியச் செய்யுள் இரண்டையும் ஒரே ஒலியாகக் கணக்கிடுகிறது. இதற்கு ‘ஸினலேஃபே’ என்று பெயர். வரியைப் பிரித்துப் பார்த்தால் இப்படி நிற்கும்:

கொ – மெஅல் – ஸோ – லி – தொஇன் – ரி – தார் – தொ

தமிழ் இதற்கு நேரெதிராக நடக்கிறது. ‘மணி’யும் ‘அடித்தது’ம் சந்தித்தால் நாம் இடையில் யகரத்தை நுழைத்து ‘மணியடித்தது’ என்று இரு உயிர்களையும் தனித்தனியே காப்பாற்றுகிறோம். அந்த உடம்படுமெய்ப் பழக்கம் நம் நாக்கில் ஊறியிருப்பதால் இத்தாலிய வரியையும் ‘கொமெயல்’ என்றே வாசிப்போம், ஓர் ஒலி கூடிவிடும். எழுதும்போது கணக்கைப் போட்டு, வாசிக்கும்போது இரு உயிர்களையும் வழுக்கிக்கொண்டு சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ‘என்னுடைய’ என்னும் ‘மீயொ’, ‘நான்’ என்னும் ‘ஈயொ’ ஆகியவை வரியின் நடுவில் ஓர் ஒலி, வரியின் கடைசியில் இரண்டு ஒலி. அடுத்து, கணக்கு உண்மையில் கடைசி அழுத்தத்தை வைத்தே நடக்கிறது: ஏழாவது இடத்தில் கடைசி அழுத்தம் விழுந்தால் அது எட்டு ஒலி வரி, அதற்குப் பின் எத்தனை ஒலி வந்தாலும் கவலையில்லை. ‘இல் ரெகாலொ மீயொ ஸெய் தூ’ (என் பரிசு நீயே) என்னும் வரியில் எண்ணினால் ஏழுதான் வரும். ஆனால் ‘தூ’ அழுத்தத்தோடு ஏழாவது இடத்தில் நின்று முடிவதால் அது முறையான எட்டு ஒலி வரியே. குறைகிறது என்று எண்ணி ஒரு சொல்லைச் செருகிக் கெடுத்துவிடாதீர்கள்.

5. ரைமை ஈரடியாகக் கட்டுங்கள்

அடுத்தடுத்த இரு வரிகள் ஒரே ஒலியில் முடிவதை இத்தாலியர் ‘ரீமா பச்சாதா’ என்கிறார்கள். முத்தமிட்ட ரைம் என்று பொருள். காதலிக்கு எழுதுவதற்கு இதைவிட வேறு அமைப்பைத் தேட வேண்டியதில்லை, விளையாட்டுப் பாட்டுக்கும் இதுவே இயல்பான அமைப்பு.

தமிழில் எதுகை வரியின் தொடக்கத்தில் அமைகிறது, இறுதியில் அமைவதை இயைபு என்கிறோம். இத்தாலிய ரைம் இயைபுதான், ஆனால் அதன் எல்லை கண்டிப்பானது: அழுத்தம் விழும் உயிரிலிருந்து சொல்லின் கடைசி வரை எல்லா ஒலியும் ஒத்திருக்க வேண்டும். ‘மேசை’ என்னும் தாவொல, ‘சொல்’ என்னும் பரோல இரண்டும் தாளில் ‘ஒல’ என்றே முடிகின்றன. ஆனால் முதலாவதில் அழுத்தம் ‘தா’வில், இரண்டாவதில் ‘ரோ’வில், ஆகவே அவை ரைம் அல்ல. தாவொல என்பதற்கு ‘கதை’ என்னும் ஃபாவொல ஒத்துவரும். ஒவ்வொரு ரைம் சொல்லையும் அகராதியில் அழுத்தம் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

அமோரெ, குவோரெ (காதல், இதயம்) என்னும் சோடியை விட்டுவிடுங்கள். இத்தாலியர் அதைத் தேய்ந்த ரைமுக்கு உதாரணமாகவே சொல்வார்கள்.

அவள் பெயரை ரைமில் வைக்க முடியுமா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கியாரா, சாரா என்ற பெயர்களுக்கு ‘அருமையானது’, ‘கற்கிறான்’ என்று பொருள்படும் சொற்கள் ஒத்துவரும். மார்த்தீனாவுக்குக் ‘காலை’, ‘அருகில் இருப்பவள்’ என்பவை கிடைக்கும். சொஃபீயா என்ற பெயரில் அழுத்தம் ‘ஃபீ’யில் விழுவதால் ‘என்னவள்’ என்னும் ‘மீயா’வோடு அழகாகச் சேரும். எலெனா என்ற பெயரிலோ அழுத்தம் முதல் எழுத்திலேயே இருக்கிறது. அதை வரியின் இறுதிக்கு இழுத்துப் போராடாமல், நடுவில் விளியாக வைத்துவிடுங்கள்.

6. ஓர் உதாரணத்தை முழுமையாகக் கட்டிப் பார்ப்போம்

பெயர் கியாரா என்று வைத்துக்கொள்வோம். பழக்கங்கள் இரண்டு: தாமதம், வறுவல் திருட்டு. முடிந்த வடிவம் இது:

கொமெ அல் ஸோலிதொ இன் ரிதார்தொ,
போய் ஸொர்ரீதி, எத் ஈயொ தி க்வார்தொ.
ரூபி ஸேம்ப்ரெ பததீனெ
தல் மீயொ ப்யாத்தொ, ஸேன்த்ஸ ஃபீனெ;
ம ஸெ இல் ப்யாத்தொ ரேஸ்த ப்யேனொ
லப்பெதீதொ வ்யேனெ மேனொ.
புந்துஆலெ ஸெய் அர்ரிவாத
ஸோலொ இல் ஜோர்னொ இன் குய் ஸெய் நாத:
அஸ்பெத்தாந்தொதி ஸிம்பார
அ வொலேர்தி பேனெ, க்யார.

பொருள்: வழக்கம் போலத் தாமதம், பிறகு நீ சிரிக்கிறாய், நான் உன்னைப் பார்க்கிறேன். என் தட்டிலிருந்து எப்போதும் வறுவலைத் திருடுகிறாய், அதற்கு முடிவே இல்லை. ஆனால் தட்டு நிறைந்தே இருந்துவிட்டால் எனக்குப் பசி போய்விடுகிறது. நீ நேரத்துக்கு வந்து சேர்ந்தது நீ பிறந்த அன்று மட்டும்தான்: உனக்காகக் காத்திருந்தே உன்னை நேசிக்கக் கற்றுக்கொள்கிறோம், கியாரா.

இது எந்த வரிசையில் உருவாகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் கட்டியது முதல் வரியை அல்ல. பிறந்தநாளையும் தாமதத்தையும் இணைக்கும் ஏழாவது, எட்டாவது வரிகளே பாட்டின் முதுகெலும்பு. அவை கிடைக்காவிட்டால் இது எந்த நாளிலும் சொல்லக்கூடிய கிண்டலாக நின்றுவிடும். ‘பிறந்தாய்’ என்னும் ‘ஸெய் நாத’வுக்கு ரைம் தேடினால் ரிமாரியோவில் ‘ஆத’ என முடியும் சொற்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், ஏனெனில் பெண்பால் இறந்தகால எச்சங்கள் பல அப்படியே முடிகின்றன. ‘வந்து சேர்ந்தாய்’ என்பது அவற்றில் ஒன்று, தாமதக் கேலிக்கு அது நேரே பொருந்துகிறது. ‘புந்துஆலெ’ என்னும் சொல்லில் ‘து’வையும் ‘ஆ’வையும் பேச்சில் சேர்த்துவிடுபவர்கள் உண்டு, இங்கே அவற்றைப் பிரித்து நான்கு ஒலியாகச் சொன்னால்தான் வரி எட்டாகும்.

அடுத்துக் கடைசி ஈரடி. பெயரை இறுதிச் சொல்லாக வைத்தால் வாசித்து முடிக்கும்போது அவள் பெயரே கடைசியாகக் காதில் விழும். அதற்கு ‘கற்றுக்கொள்கிறோம்’ என்னும் ‘ஸிம்பார’ ரைமாக அமைந்தபோது, தாமதத்துக்கான பதிலும் சேர்ந்தே கிடைத்துவிட்டது: காத்திருப்பது தண்டனை அல்ல, காதலுக்கான பயிற்சி. தமிழில் இதை எழுதத் தெரிந்தும் இத்தாலியத்தில் எழுத வராமல் தவிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ரைம் சொல் சில சமயம் நீங்கள் நினைத்திராத உண்மையைக் கையில் கொடுக்கும், அதைத் தள்ளிவிடாதீர்கள்.

நடுவில் உள்ள நான்கு வரிகளே சிரிப்புக்கு உரியவை. அவற்றில் திருப்பம் ‘ம’ (ஆனால்) என்ற ஓர் ஒலியில் இருக்கிறது. ‘வ்யேனெ மேனொ’ என்பது பசி, வலிமை, தைரியம் போன்றவை குன்றிப்போவதைச் சொல்ல இத்தாலியர் இயல்பாகப் பயன்படுத்தும் தொடர். இப்படிப்பட்ட வழக்குத் தொடர் ஒன்றாவது இருந்தால் பாட்டு பாடப்புத்தக வாடை அடிக்காது. எஞ்சிய முதல் இரு வரிகளைக் கடைசியாக எழுதினால் போதும். தாமதத்தைத் தொடக்கத்தில் சொல்லிவைப்பதற்காகவே அவை இருக்கின்றன.

இறுதி வரியில் ‘தி ஆமொ’ வராமல் ‘வொலேர்தி பேனெ’ வந்திருக்கிறது. முதலாவது காதலர்க்கு மட்டும் உரியது. இரண்டாவதைப் பெற்றோரிடமும் நண்பரிடமும் சொல்வார்கள், காதலரிடத்திலும் சொல்வார்கள், அதில் கனிவு அதிகம். குடும்பத்தார் சூழ்ந்திருக்கும் மேசையில் வாசிப்பதற்கு இதுவே ஏற்றது. ‘தி ஆமொ’ சொல்லியே ஆக வேண்டும் என்றால் பாட்டுக்குக் கீழே உங்கள் பெயருக்கு முன்னால் எழுதுங்கள். அதை அவள் தனியாகப் படிப்பாள்.

7. சரிபார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

நண்பரிடம் காட்டும்போது ‘நன்றாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றே எல்லோரும் சொல்வார்கள். தாளை அவர் கையில் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அங்கே அழுத்தம் தவறியிருக்கிறது; எந்த இடத்தில் புருவத்தை உயர்த்துகிறாரோ அங்கே சொல் வழக்கில் இல்லை. ‘எத் ஈயொ’ என்பதைப் பார்த்து, இன்றைய உரைநடையில் தகரம் சேர்க்க மாட்டோம் என்று அவர் சொல்லக்கூடும். அது சரிதான், ஆனால் செய்யுளில் ஒலிக்கணக்குக்காக அதை வைத்துக்கொள்ளலாம்.

இரட்டை மெய்யில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘வருடம்’ என்னும் ஆன்னொ இரட்டை னகரம் கொண்டது. ஒன்றை விட்டுவிட்டால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். பிறந்தநாள் அட்டையில் அது நேரக் கூடாத விபத்து. ‘பிறந்தநாள்’ என்னும் கொம்ப்லெஆன்னொவிலும் அதே இரட்டை னகரம்தான். பேச்சில் தமிழருக்கு இது எளிது, ஏனென்றால் ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் உள்ள வேறுபாடு நம் மொழியிலேயே பொருளை மாற்றுவது, எழுத்தில்தான் தவறுகிறோம்.

ஆண்பால் பெண்பால் முடிவுகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவளைப் பற்றிய எச்சங்கள் ‘நாத’, ‘அர்ரிவாத’ என்று அகரத்தில் முடிய வேண்டும். உங்களைப் பற்றிச் சொல்லும் சொற்கள் உங்கள் பாலுக்கு ஏற்ப மாறும். மேலே உள்ள பத்து வரிகளில் எழுதுபவரின் பாலைக் காட்டும் சொல் எதுவும் இல்லை, ஆகவே அவற்றை ஆணும் பெண்ணும் அப்படியே பயன்படுத்தலாம்.

குறிகளில் இரண்டு வகை உண்டு. உயிர் கெட்டுச் சொற்கள் சேரும் இடத்தில் மேற்கொம்பு போன்ற அபாஸ்ட்ரஃபி வரும். நம் உதாரணத்தில் ‘லப்பெதீதொ’, ‘ஸிம்பார’ ஆகிய இரண்டில் மட்டும் அது வேண்டும். உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு இடும் அழுத்தக்குறி, ஓரொலிக்கு மேற்பட்ட சொல்லின் கடைசியில் அழுத்தம் விழும்போது கட்டாயம். ‘இருக்கிறது’ என்னும் ஓரெழுத்து வினைக்கும் அது இல்லாவிட்டால் ‘மற்றும்’ என்று பொருள் மாறிவிடும். கணினியில் தட்டச்சு செய்து அச்சிடுகிறீர்கள் என்றால், அந்த வினையின் பெரிய எழுத்து வடிவம் விசைப்பலகையில் நேரடியாக இருக்காது. விண்டோஸில் எண்பலகையில் `Alt+0200` அடித்தால் வரும். பெரிய எழுத்துக்குப் பின் அபாஸ்ட்ரஃபியைப் போட்டுச் சமாளிப்பதைப் பலர் செய்கிறார்கள், ஆனால் அது பிழையாகவே கருதப்படுகிறது.

8. அட்டையில் எழுதி, உரிய நேரத்தில் கொடுங்கள்

கையால் எழுதுங்கள். அட்டையின் உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் மை காய நேரம் எடுக்கும்; மூடுவதற்கு முன் ஒரு மணி நேரமாவது திறந்து வையுங்கள். தலைப்பாக ‘தந்தி அவ்கூரி’ (நிறைய வாழ்த்துகள்) என்று எழுதினால் போதும். ‘அவ்கூரி’ எப்போதும் பன்மையில்தான் வரும். ஈரடிகளுக்கு இடையில் வெற்றிடம் விட வேண்டாம், பத்து வரியும் ஒரே தொகுதியாக நின்றால்தான் கேலிக்கும் பதிலுக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியும். நாளை எழுதும்போது தேதி முதலில், மாதம் பின்னால். மாதப் பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்குவதே இத்தாலிய வழக்கம்.

அவள் வேறு ஊரில் இருந்தால், சாதாரணத் தபாலை நம்பி நாள் குறிக்காதீர்கள். பிந்தினாலும் பரவாயில்லை, முந்திப் போய்ச் சேர்ந்தால் நான் முதலில் சொன்ன சிக்கல் வரும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் அட்டையை ஓர் உள்ளுறையில் இட்டு, பிறந்தநாள் அன்று மட்டும் திறக்க வேண்டும் என்று அதன் மேல் தேதியோடு எழுதி, வெளியுறைக்குள் வையுங்கள். தபால்தலையை ‘தபாக்கி’ கடைகளில் வாங்கலாம்.

விருந்தில் வாசிப்பதாக இருந்தால், எல்லோரும் வாழ்த்துப் பாட்டுப் பாடி, அவள் மெழுகுவத்தியை ஊதி அணைத்த பிறகு, கேக் வெட்டுவதற்கு முன் உள்ள இடைவெளிதான் சரியான நேரம். நின்றுகொண்டு, தாளைப் பார்த்தே வாசியுங்கள். மனப்பாடமாகச் சொல்ல முயன்றால் பதற்றத்தில் அழுத்தம் இடம் மாறும். ஆறாவது வரிக்குப் பின் சிரிப்பு எழும். அது அடங்கும் வரை பொறுத்து, ஏழாவது வரியைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ‘புந்துஆலெ’ என்ற சொல் சிரிப்பில் அமுங்கிப்போய், அடுத்த வரியின் பொருளும் போய்விடும். கடைசி வரியில் பெயருக்கு முன் உள்ள காற்புள்ளியில் ஒரு கணம் நின்று, தாளிலிருந்து கண்ணை எடுத்து, அவளைப் பார்த்துப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு அட்டையை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.